நன்றிக் கடிதத்தில் தேதியும் இருக்கட்டும்

திருப்பூரில் பத்துப் பன்னிரண்டு மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்தும் ஒருவருக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அந்த ஊரில் பலருக்கும் தெரிந்த கதை. அதுவரை 200, 300 பீஸ் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று 3,000 டி-ஷர்ட். மற்ற வேலைகளைத் தள்ளி வைப்பார்கள். இரவு ஷிப்ட் ஓடும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். முதலாளியே இஸ்திரி மேஜைப் பக்கம் நின்று பெட்டி கட்டுவார். எப்படியோ சொன்ன நாளுக்கு முன்பாகவே லாரி ஏறிவிடும். சரக்கு போய்ச் சேர்ந்ததும் போனில் "ரொம்ப நன்றிங்கண்ணா, இதே மாதிரி தொடர்ந்து ஆதரவு கொடுக்கோணும்" என்று ஒரு வார்த்தை. அத்தோடு சரி.

இரண்டு மாதம் கழித்து மதுரைக் கடைக்காரரிடமிருந்து போன் வரும். "தம்பி, நேவி கலர்ல எல் சைஸ் மட்டும் தீந்துபோச்சு. ஒரு நூறு பீஸ் போட்டு விடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டாப் போதும்."

கம்பெனிக்காரருக்கு அது முடியாது என்று தெரியும். ஆனாலும் இவ்வளவு பெரிய ஆர்டர் கொடுத்த மனிதரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது? "பாத்துப் பண்ணிரலாங்கண்ணா" என்பார். கடைக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை வரும், சரக்கு வராது. அங்கிருந்து பேச்சு கசக்கத் தொடங்கும்.

இதில் இருவருமே ஏமாற்றுக்காரர்கள் இல்லை. முதல் ஆர்டர் முடிந்தபோது பேசியிருக்க வேண்டிய ஒரு விஷயம் பேசாமல் விடுபட்டதுதான் சிக்கல். மறு ஆர்டர் என்றால் குறைந்தது எத்தனை பீஸ், எத்தனை நாள் ஆகும், எப்போது சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்கச் சரியான நேரம், நன்றி சொல்லும் அந்த ஒரு வாரம்தான். அப்போது வாங்கியவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார், அவசரம் எதுவும் இல்லை. இதே செய்தியை அவருக்குச் சரக்கு தேவைப்படும் நாளில் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரிய வேண்டுமானால், ஒரு டி-ஷர்ட் உருவாகும் வழியில் நாட்கள் எங்கே செலவாகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதற்காக ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

நாட்கள் எங்கே போகின்றன?

ஆர்டர் 3,000 ரவுண்ட் நெக் டி-ஷர்ட். நேவி 1,500, வெள்ளை 900, மெரூன் 600. நெஞ்சில் ஒரு சிறிய பிரிண்ட். வெட்டில் போகும் கழிவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 200 கிராம் துணி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்தம் 600 கிலோ துணி. நேவி 300 கிலோ, வெள்ளை 180, மெரூன் 120.

நூல் வாங்கி நிட்டிங்கில் கொடுத்துத் துணியாக எடுக்க 5 வேலை நாள். அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போய், சாயம் ஏறி, காய்ந்து, காம்பாக்டிங் முடிந்து திரும்ப 8 நாள். கட்டிங் 2 நாள். பிரிண்டிங் 3 நாள். தையல் 8 நாள். செக்கிங், பிசிர் வெட்டுதல், இஸ்திரி, பெட்டி கட்டுதல் 4 நாள். கூட்டினால் 30. ஆனால் ஒன்று முழுதாக முடியும் வரை அடுத்தது காத்திருப்பதில்லை. பிரிண்ட் ஆகி வரும் கட்டுகள் வரவரத் தையலுக்குப் போகும், தைத்தவை அன்றைக்கே செக்கிங் மேஜைக்குப் போகும். இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் 26 வேலை நாளில் முடிக்கலாம். ஞாயிறுகளைச் சேர்த்தால் ஒரு மாதம்.

இது போக, வேலை தொடங்கும் முன்பே முதல் ஆர்டரில் பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியிருக்கும். சாயப்பட்டறையில் சிறு துண்டுத் துணியில் நிறம் போட்டுக் காட்டும் லேப் டிப், அதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதல், பிறகு ஒரு சாம்பிள் டி-ஷர்ட், அளவில் சின்னத் திருத்தம், பிரிண்டுக்கு ஸ்கிரீன் செய்தல் என்று அது போகும்.

மறு ஆர்டரில் மிச்சமாவது இந்த முன்வேலை மட்டும்தான். நிறம் ஒப்புதல் ஆகிவிட்டது, பேட்டர்ன் இருக்கிறது, ஸ்கிரீன் இருக்கிறது. வாங்குபவரோ "எல்லாம் ஏற்கெனவே செய்ததுதானே, இந்தத் தடவை பாதி நாள் போதுமே" என்று நினைப்பார். கணக்கு அப்படி வராது. 500 பீஸ் நேவி மட்டும் மறுபடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூலும் நிட்டிங்கும் 3 நாள், கட்டிங் 1, பிரிண்டிங் 2, தையல் 2, செக்கிங்கும் பேக்கிங்கும் 1. இவையெல்லாம் சுருங்கிவிட்டன. சாயம் மட்டும் அதே 8 நாளில் நிற்கும். 300 கிலோ துணியானாலும் 100 கிலோவானாலும் பட்டறையில் வரிசை ஒன்றுதான். கூட்டினால் 17 வேலை நாள், அதாவது காலண்டரில் சுமார் 20 நாள்.

ஆனால் கடிதத்தில் 20 என்று எழுதக் கூடாது. 28 என்று எழுத வேண்டும். இடையில் இருக்கும் 8 நாள் சோம்பலுக்கு விட்ட இடம் அல்ல. நிறம் ஒப்புதல் சாம்பிளோடு ஒத்துப் போகாமல் ஒரு லாட் மறுசாயத்துக்குப் போனால் இரண்டு மூன்று நாள் போய்விடும். பட்டறையில் நம் துணிக்கு முன்னால் ஒரு பெரிய ஏற்றுமதி லாட் நின்றால் இன்னும் மூன்று நாள். நம் தையல் லைனில் அப்போது வேறொருவருடைய வேலை ஓடிக்கொண்டிருக்கும், அதைப் பாதியில் இறக்க முடியாது. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்தே தீரும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதல் ஆர்டரை இரவு ஷிப்ட் ஓட்டி 22 நாளில் கொடுத்திருந்தால், அதையும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வாங்கியவர் மனதில் 22 என்பதே வழக்கமான கெடுவாகப் பதிந்துவிடும். அதற்குப் பிறகு 28 நாளில் ஒழுங்காகக் கொடுத்தாலும் அவர் கண்ணுக்கு அது தாமதம்தான்.

நூறு பீஸ் ஏன் முடியாது?

குறைந்தபட்ச அளவு என்றாலே வாடிக்கையாளர்களுக்குச் சற்று எரிச்சல் வரும். பெரிய மனிதத் தோரணையாக அது தோன்றும். காரணத்தைச் சொல்லிவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும். காரணம் கம்பெனிக்காரரின் விருப்பத்தில் இல்லை, சாயப்பட்டறையின் பாத்திரத்தில் இருக்கிறது.

பின்னல் துணிக்குச் சாயம் போடும் இயந்திரங்கள் 50 கிலோ, 100 கிலோ, 250 கிலோ என்று வெவ்வேறு கொள்ளளவில் இருக்கின்றன. 100 கிலோ பாத்திரத்தில் 20 கிலோ துணியைப் போட்டாலும் இயந்திரம் பிடிக்கும் நேரம் அதேதான், நீராவியும் தண்ணீரும் பெரிதாகக் குறைவதில்லை. அதனால் துணி எவ்வளவு குறைந்தாலும் பட்டறைக்காரர் பாத்திரக் கணக்கில்தான் கூலி கேட்பார். கடைக்காரர் கேட்ட 100 நேவி டி-ஷர்ட்டுக்குத் துணி 20 கிலோதான். மிகச் சிறிய 50 கிலோ பாத்திரம்கூட நிறையாது. 250 பீஸ் இருந்தால் 50 கிலோ பாத்திரம் நிறையும். 500 பீஸ் இருந்தால் 100 கிலோ பாத்திரத்தில் வழக்கமான கூலிக்கே வேலை முடியும்.

கழுத்துப் பட்டைக்குப் போடும் ரிப் துணியும் இதில் சேர்ந்தது. அதைத் தனி இயந்திரத்தில் பின்னுகிறார்கள். ஆனால் சாயம் ஏறும்போது உடல் துணியோடு ஒரே பாத்திரத்தில் போட வேண்டும். தனியாகப் போட்டால் உடம்பு ஒரு நேவியும் கழுத்து இன்னொரு நேவியுமாக வந்து நிற்கும். கையிருப்பில் கொஞ்சம் துணி மிஞ்சியிருக்கிறது, ரிப்பை மட்டும் புதிதாகச் சாயம் போட்டு நூறு பீஸ் ஒப்பேற்றலாம் என்று முயல்பவர்கள் அடிபடுவது இங்கேதான்.

திருப்பூரில் சாயத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் அந்த ஊர்ச் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் பின்னர் அவை படிப்படியாகத் திறந்தன. அந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவும், நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் சுத்திகரிக்க முடியும் என்ற எல்லையும் சாயக் கூலியிலும் வரிசையிலும் வந்து சேர்கின்றன. அவசரம் என்று கூடுதல் காசு கொடுத்தாலும் பட்டறை ஓரளவுக்கு மேல் வேகமெடுக்காது.

வெள்ளையின் கதை வேறு. வெள்ளைத் துணி எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவானது. ஒரே ரகத் துணியாக இருந்தால் ஒருவருக்கு வெளுத்ததில் மிஞ்சியதை இன்னொருவருக்குப் போடலாம். அதனால் வெள்ளையில் 100 பீஸை இரண்டு வாரத்தில் தரக்கூடிய கம்பெனிகள் உண்டு. கடிதத்தில் எல்லா நிறத்துக்கும் ஒரே விதி எழுதாமல் இப்படிப் பிரித்துக் காட்டினால், விதியில் நியாயம் இருப்பது வாங்குபவருக்குத் தானாகவே புரியும்.

நிறம் கொஞ்சம் மாறும்

எழுதத் தயங்குகிற ஆனால் எழுதியே ஆக வேண்டிய வரி இது. அதே சாயம், அதே அளவு, அதே பட்டறை என்றாலும் இரண்டாவது லாட் முதல் லாட்டோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. நூலின் பஞ்சு மாறியிருக்கும், தண்ணீரின் தன்மை மாறியிருக்கும், துணியின் எடை சற்று முன்பின் ஆகியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. கடையில் பழைய நேவியும் புது நேவியும் ஒரே அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தெரியும். சில சமயம் ட்யூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது வெயிலில் கொண்டுபோனால் வேறாகத் தெரியும். இரண்டு வெளிச்சத்திலும் பார்க்காமல் லாட்டை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. முதல் ஆர்டர் துணியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு அட்டைகளில் ஒட்டி, தேதியும் லாட் எண்ணும் எழுதி, ஒன்றை வாடிக்கையாளருக்கு நன்றிக் கடிதத்தோடு அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கம்பெனியில் வெளிச்சம் படாத இடத்தில் வைத்துக்கொள்வது. அடுத்த லாட் வரும்போது இருவரும் ஒரே துணியைப் பார்த்துப் பேசலாம். போனில் எடுத்த படத்தை வைத்து நிறச் சண்டை போட்டால் முடிவே வராது, ஏனென்றால் இருவர் போனிலும் நேவி ஒன்றாகத் தெரியாது. கூடவே பெட்டியின் மேல் லாட் எண் எழுதி அனுப்புவதாகவும், இரண்டு லாட்டை ஒரே அடுக்கில் கலக்க வேண்டாம் என்றும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.

வாங்குபவருக்கு ஒரு கணக்கு

கெடு 28 நாள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நம் சௌகரியத்துக்குச் சொன்னது போல் இருக்கும். அவர் எப்போது ஆர்டர் கொடுக்க வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால் அது அவருக்குச் செய்யும் உதவி.

மதுரைக் கடையில் வாரத்துக்கு 100 நேவி விற்கிறது என்று கொள்வோம். தயாரிக்க 4 வாரம். லாரியில் ஏறி இறங்கி, எண்ணி, விலைச்சீட்டு ஒட்டிக் கடைக்கு வர இன்னொரு வாரம். ஆக 5 வாரத்தில் 500 பீஸ் விற்றுப்போகும். விற்பனை திடீரென்று கூடினால் சமாளிக்க இரண்டு வாரத்துக்கான 200. இரண்டையும் கூட்டினால் 700. கையிருப்பு 700-க்கு இறங்கும் நாளில் அவர் போன் எடுக்க வேண்டும். 1,500 வாங்கியவருக்கு அந்த நாள் எட்டாவது வார முடிவில் வரும். இதை அப்படியே எழுதி, எந்தத் தேதி என்றும் குறித்துக் கொடுத்தால் அவர் கடைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்வார்.

எட்டாவது வாரத்தில் பார்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 1,500 நேவியில் எஸ் 150, எம் 300, எல் 450, எக்ஸ்எல் 450, டபுள் எக்ஸ்எல் 150 என்று போயிருக்கும். எதார்த்தத்தில் எல் வேகமாகத் தீர்ந்து, எஸ் அப்படியே கிடக்கும். தீரும் வரை காத்திருந்தால் 'எல் மட்டும் நூறு' என்ற போன்தான் வரும். எட்டாவது வாரமே பார்த்தால், அடுத்த 500-ல் எஸ் வேண்டாம், எல்லைக் கூட்டிப் போடுங்கள் என்று விகிதத்தை மாற்றிச் சொல்லலாம். சாயம் போடும் துணிக்கு அளவு கிடையாது. மொத்தம் 500 இருந்தால் எந்த அளவை எத்தனை வெட்டினாலும் கம்பெனிக்குப் பெரிய கஷ்டம் இல்லை.

தீபாவளியும் பொங்கலும் தனிக் கணக்கு. பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வெளி மாநிலத்தவர் திரும்ப இன்னும் நாளாகும். அதற்கு முந்தைய வாரங்களில் ஊரில் உள்ள எல்லாக் கடைகளின் வேலையும் அதே பட்டறை வாசலில் நிற்கும். தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பு சரக்கு கடையில் இருக்க வேண்டும் என்றால், அதற்கு முன் 5 வாரம் தயாரிப்புக்கும் வருகைக்கும், ஒரு வாரம் நெரிசலுக்கு. ஆக 10 வாரம் முன்பே ஆர்டர் உறுதியாக வேண்டும். தீபாவளி நவம்பர் தொடக்கத்தில் வரும் ஆண்டில் அது ஆகஸ்ட் இறுதி. இதை முதல் நன்றிக் கடிதத்திலேயே சொன்ன கம்பெனியைப் பண்டிகை நெருக்கத்தில் யாரும் திட்ட மாட்டார்கள்.

கடிதம் எப்படி இருக்கும்?

அனுப்ப வேண்டிய நாள், சரக்கு போய்ச் சேர்ந்து அவர் எண்ணிப் பார்த்துச் சரி என்று சொன்ன நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள். அதற்கு முன்பு அனுப்பினால் குறை ஏதும் இருக்கிறதா என்று தெரியாமல் நன்றி சொல்வதாகிவிடும். பாக்கிப் பணம் கேட்கும் கடிதத்தையோ விலை ஏற்றும் கடிதத்தையோ இதோடு சேர்க்கக் கூடாது. ஒரே பக்கத்துக்குள் முடிய வேண்டும். லெட்டர்பேடில் அச்சடித்து நிற அட்டையோடு அனுப்பிவிட்டு, அதன் நகலை வாட்ஸ்அப்பிலும் போடலாம். நம் மாதிரிக் கணக்குக்கு அந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*அன்புள்ள ஐயா, வணக்கம்.*

*தாங்கள் கொடுத்த 3,000 டி-ஷர்ட் ஆர்டர் முழுமையாக வந்து சேர்ந்ததாகத் தெரிவித்தீர்கள். எங்கள் கம்பெனிக்கு இதுவரை கிடைத்ததில் இதுவே பெரிய ஆர்டர். மெரூன் நிறத்துக்கு அனுப்பிய லேப் டிப்பைப் பார்த்து அன்றைக்கே பதில் சொன்னீர்கள். சாயப்பட்டறையில் எங்களுக்கு இடம் தவறாமல் கிடைத்ததற்கு அதுதான் காரணம். எங்கள் கட்டிங் மாஸ்டர் முதல் பேக்கிங் வரை எல்லோர் சார்பிலும் நன்றி.*

*இந்த முறை இரவு வேலையும் பார்த்து 22 நாளில் முடித்தோம். எப்போதும் அப்படிச் செய்ய இயலாது. அடுத்த ஆர்டர்களைத் தாங்கள் முன்கூட்டியே திட்டமிட உதவியாக எங்கள் வழக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.*

*நேவி, மெரூன்: ஒரு நிறத்துக்கு 500 பீஸ் முதல் இதே கூலியில் செய்யலாம். 250 முதல் 499 வரை சிறு லாட் சாயக் கூலி பீஸுக்குச் சேரும், தொகையை முன்பே சொல்லிவிடுவோம். 250-க்குக் குறைவாகத் தேவைப்பட்டால் அடுத்த லாட்டோடு சேர்த்துச் செய்து தருகிறோம்.*

*வெள்ளை: 100 பீஸ் முதல். ஆர்டர் உறுதியானதிலிருந்து 14 நாள்.*

*நேவி, மெரூன் மறு ஆர்டர்: 28 நாள். புது நிறம் அல்லது புது பிரிண்ட் என்றால் மேலும் 12 நாள்.*

*நாட்கணக்கு, அளவு வாரியான எண்ணிக்கையும் முன்பணமும் எங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். துணி சாயம் முடிந்து எங்களிடம் வரும் நாளில் தகவல் சொல்வோம். அன்று சொல்லும் அனுப்பும் தேதி உறுதியானது.*

*நூல் விலை மாறுவதால், விலைப்புள்ளி கொடுத்த நாளிலிருந்து 15 நாள் வரை செல்லும். எண்ணிக்கையில் 3 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம், அனுப்பியதற்கே பில் வரும்.*

*தாங்கள் சொன்ன விற்பனைக் கணக்குப்படி நேவி கையிருப்பு 700-க்கு வரும்போது ஆர்டர் கொடுத்தால் கடையில் தட்டுப்பாடு வராது. தீபாவளிச் சரக்குக்கு 10 வாரம் முன்பாகச் சொல்லிவிட வேண்டுகிறேன்.*

*நிற அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் தங்களுக்குச் சரிப்படாதது ஏதும் இருந்தால் சொல்லுங்கள், பேசி மாற்றிக்கொள்ளலாம்.*

*தங்கள் உண்மையுள்ள,*

இதில் நன்றி சொல்லும் பகுதியைக் கவனிக்க வேண்டும். 'தங்கள் மேலான ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி' என்ற வரியை நூறு பேருக்கு அனுப்பலாம். அன்றைக்கே பதில் சொன்னீர்கள், அதனால் இடம் கிடைத்தது என்ற வரியை ஒருவருக்குத்தான் எழுத முடியும். அது நன்றியாகவும் இருக்கிறது, அடுத்த முறையும் வேகமாகப் பதில் சொன்னால் சரக்கு நேரத்துக்கு வரும் என்பதையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

சாயம் முடிந்த நாளில் தகவல் சொல்வோம் என்ற வரிதான் கடிதத்திலேயே கனமானது. தாமதம் வருமா என்று முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது சாயப்பட்டறை. துணியைக் கொடுத்து இரண்டு நாள் ஆகியும் எந்தப் பாத்திரத்தில் எப்போது ஏறும் என்று பட்டறை சொல்லாவிட்டால் அது முதல் அறிகுறி. 'காம்பாக்டிங்ல இருக்குங்க' என்ற பதில் மூன்றாவது நாளும் வந்தால், பெரும்பாலும் லாட் மறுசாயத்தில் நிற்கிறது என்று பொருள். நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் வாடிக்கையாளருக்குச் சொன்னால் கெடு முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும். அவர் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம், அல்லது இருப்பதை மெதுவாக விற்கலாம். 27-ஆம் நாள் மாலையில் சொன்னால் அவருக்குக் கோபப்படுவதைத் தவிர வேறு வழியில்லை.

எழுத்தின் மறுபக்கம்

தேதியை எழுதிக் கொடுத்தால் சட்டச் சிக்கல் வருமே என்று சிலர் பயப்படுவார்கள். பயத்தில் நியாயம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, குறித்த காலத்துக்குள் முடிப்பதே முக்கியம் என்ற எண்ணத்தில் இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தால், காலம் தவறும்போது வாங்குபவர் அதை ரத்துசெய்யலாம். அதனால்தான் 28 நாள் என்பதை வழக்கமான கெடு என்றும், சாயம் முடிந்தபின் சொல்வதை உறுதியான தேதி என்றும் கடிதத்தில் பிரித்து எழுதுகிறோம். உறுதி என்று சொன்ன பிறகு மாறக் கூடாது.

அதே எழுத்து கம்பெனிக்காரரையும் காக்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்த நாளும் 45-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உதயம் பதிவு எண்ணை லெட்டர்பேடிலும் பில்லிலும் அச்சிட்டு வைப்பது இதற்காகத்தான். ஆனால் இதை நன்றிக் கடிதத்தில் எடுத்துப் பேச வேண்டாம், பணக் கெடுவுக்குரிய இடம் பில்தான்.

கடிதம் போன பிறகும் 'எல் மட்டும் நூறு' என்ற போன் வரலாம். அப்போது 'பாத்துப் பண்ணிரலாங்கண்ணா' என்று சொல்லாமல் இருந்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு. "அண்ணா, நேவியில 250-க்குக் கீழ சாயம் போட முடியாதுங்க. அடுத்த லாட் இருபதாம் தேதி சாயத்துக்குப் போகுது, அதுல சேத்திரட்டுங்களா? அதுவரைக்கும் வெள்ளையில எல் வேணும்னா ரெண்டு வாரத்துல தந்தர்றனுங்க" என்று சொல்லலாம். ஒருமுறை விதியைத் தளர்த்தினால், ஏன் தளர்த்தினோம் என்பதையும் அன்றே ஒரு வரியில் எழுதி அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தளர்வே அடுத்த விதியாகிவிடும்.

முதல் பெரிய ஆர்டரை முடித்துவிட்டு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள், சாயத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிலோ என்ற இரண்டை மட்டும் பட்டறைக்காரரிடம் இன்றே கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தின் மற்ற எண்கள் எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். நன்றி சொல்லும் வாரம் கழிவதற்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்.